குடும்பப் படமும் மூன்று குறைகளும்

மரண அறிவித்தல்களில் வரும் புகைப்படங்களை உற்றுப் பார்ப்பது எனக்குத் தொழில் தந்த பழக்கம். யாழ்ப்பாணத்தில் நாளிதழ் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இன்றுவரை ஆயிரக்கணக்கான அத்தகைய முகங்களைப் பார்த்திருப்பேன். அவற்றிற் பெரும்பாலானவை அதற்கெனத் தனியாக எடுக்கப்பட்டவை அல்ல. ஏதோவொரு கலியாணவீட்டிலோ சாமத்தியவீட்டிலோ எடுத்த குழுப்படத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டவை. ஒரு பக்கத்தில் யாரோ ஒருவருடைய தோள் தெரியும். மறுபக்கத்தில் மணமகனின் மாலையிலிருந்து ஒரு துண்டு எட்டிப் பார்க்கும். நடுவிலே எழுபது வயதுப் பெரியவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, நாடியைக் கழுத்துக்குள் இழுத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார். அவரை உயிருடன் அறிந்தவர்கள், "இவர் இப்பிடி இருக்கிறேல்லையே" என்பார்கள். ஆனால் வீட்டில் வேறு படம் இராது. அந்தப் படமே பத்திரிகைக்கும் போகும். 31ஆம் நாள் நினைவு மலருக்கும் போகும். பிறகு சட்டமிடப்பட்டுச் சுவரிலும் ஏறும்.

எமது ஊருக்கு இதில் ஒரு கூடுதல் காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்தவர்களிற் பலர் படத்தொகுப்புகளைக் கொண்டுவரவில்லை. திரும்பிப் போனபோது வீடே இல்லை. அல்பத்தை யார் தேடுவது? அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளிலோ மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மின்னல் விளக்குக்கு வழியில்லாததால் கலியாணப் படங்களைப் பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் வைத்தே எடுத்தார்கள். அந்தக் காலத்துப் படங்கள் மிஞ்சியிருக்கும் வீடுகளிற் பாருங்கள், குடும்பம் முழுவதும் ஒரே மாதிரிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கமரா இருக்கிறது. ஆனாலும் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த சகோதரங்கள் எல்லோரும் ஒருசேர நிற்பது பத்தாண்டுக்கு ஒருமுறைதான். அந்த ஒரு படத்தில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூசிய கண், இரட்டை நாடி, மரத்துப்போன சிரிப்பு. மூன்றுக்கும் தெளிவான காரணங்கள் உண்டு. அழகு, அழகின்மை என்பதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

முதலில் கண். வெளிநாட்டிலிருந்து வருவோருக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஓகஸ்ட் மாதத்தில் அமைகிறது. ஆவணியில் முகூர்த்தங்களும் உண்டு. ஆகவே எங்கள் கலியாணங்களிற் பல அந்த வாரங்களில் வந்து விழுகின்றன. யாழ்ப்பாணம் நில நடுக்கோட்டிலிருந்து ஒன்பதே முக்காற் பாகை அளவு வடக்கே இருப்பதால், சூரியன் ஆண்டில் இரண்டு தடவை எங்கள் தலைக்கு நேர்மேலே வருகிறது. ஒன்று சித்திரைப் புத்தாண்டையொட்டி. மற்றது ஓகஸ்ட் மாதக் கடைசியில். தாலிகட்டு முடிந்து, ஆசீர்வாதம் முடிந்து, பந்திக்குப் போகுமுன் "எல்லாரும் ஒருக்கா வெளியிலை வாங்கோ" என்று குடும்பத்தைக் கூட்டும் நேரம் பன்னிரண்டு மணி. அதாவது ஆண்டின் மிகக் கடுமையான வெயிலில், நாளின் மிகக் கெட்ட மணித்தியாலத்தில் நாங்கள் படமெடுக்கிறோம். நேர்மேலே நின்று விழும் ஒளியில் புருவத்தின் நிழல் கண்குழிக்குள் இறங்கிக் கண்ணைக் கறுப்பாக்கும். மூக்கின் நிழல் மீசைபோல உதட்டில் விழும்.

கண் கூசுவதற்குத் தலைக்கு மேலுள்ள சூரியன் மட்டும் காரணமன்று என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கண்ணுக்குள் புகும் ஒளி, கண் எதைப் பார்க்கிறதோ அங்கிருந்தும் வருகிறது. எங்கள் கோவில் வீதிகளிலும் மண்டப முற்றங்களிலும் வெண்மணல் பரப்பியிருக்கும். கமராக்காரர் அந்த மணலின் நடுவே நின்று "இஞ்சை பாருங்கோ" என்றால், குடும்பம் நிழலில் நின்றாலும் கண் சுருங்கத்தான் செய்யும். ஆகவே தேடவேண்டியவை இரண்டு. குடும்பம் நிற்கக் கூரையுள்ள ஓர் இடம். கமராக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருண்ட ஒரு பொருள். விறாந்தையின் விளிம்பிலிருந்து ஓரிரு முழம் உள்ளே தள்ளிக் குடும்பத்தை வெளிப்பக்கம் பார்க்க நிறுத்தி, எதிரே மாமரமோ மதிலோ பனையோலை வேலியோ இருக்கும் திசையைத் தெரிந்தெடுத்தால், அரைவாசி வேலை முடிந்துவிடும். பக்கத்து மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கீழிருந்து வந்து கண்குழியின் கறுப்பை நீக்கும். மணல் இப்போது பகையாக இல்லாமல் உதவியாக மாறிவிடுகிறது.

மரநிழல் மட்டும் போதாதா என்று கேட்கலாம். இலை அடர்ந்த புளியின் கீழென்றால் போதும். வேம்பின் கீழோ முருங்கையின் கீழோ நின்றால், இலையிடுக்கால் விழும் வெயில் ஒருவர் நெற்றியில் ஒரு காசளவும் இன்னொருவர் கன்னத்தில் ஒரு தட்டளவும் வெள்ளைப் புள்ளி வைக்கும். அதை எந்தக் கணினியாலும் ஒழுங்காகத் துடைக்க முடியாது. பந்தலின் கீழ் நிற்பதானால் அதன் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். முன்பு பந்தலுக்கு வெள்ளை கட்டுவார்கள். அந்த வெள்ளைத் துணி வெயிலை மென்மையாக்கி எல்லா முகத்திலும் சமமாகப் பரப்பும். இப்போது பல இடங்களில் நீல நிறத் தறப்பாள் இழுத்துவிடுகிறார்கள். அதன் கீழ் நிற்கும் அனைவரும் காய்ச்சலிற் கிடந்து எழும்பியவர்கள்போல நீலம் பாய்ந்து தெரிவார்கள்.

வேறு இடமே இல்லை, வெயிலில் நின்றுதான் ஆகவேண்டும் என்றால், குடும்பத்தின் முதுகில் வெயில் படும்படி நிறுத்துவது மேல். அதன்பின் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணி, "மூண்டு" என்னும்போது திறக்கச் சொல்லலாம். மூடியிருந்த கண் திறந்த கணத்தில் கூச்சம் முகத்தில் ஏற ஒரு நொடி எடுக்கும். அந்த நொடிதான் படத்துக்குரியது. கண்ணாடி அணிந்த பெரியவர்களிடம் இன்னுமொன்று கவனிக்க வேண்டும். வெயில் பட்டவுடன் தானாகக் கறுக்கும் வில்லைகளை வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். வெளியில் நின்று உள்ளே வந்தவுடன் எடுத்தால், பெரியப்பா கறுப்புக் கண்ணாடி போட்ட சினிமா நடிகர்போல இருப்பார். ஐந்து நிமிடம் உள்ளே உட்கார வைத்தால் வில்லை பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இரண்டாவது, நாடி. இரட்டை நாடி பருமனானவர்களுக்கே உரியது என்று எண்ணுகிறோம். மெலிந்தவர்களுக்கும் படத்தில் அது வரும். கமராவைக் கண்டதும் நாம் செய்கிற ஒரு காரியமே அதற்குக் காரணம். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பில் "நிமிர்ந்து நில்" என்றதும் நிற்பதுபோல, நெஞ்சை முன்னே தள்ளித் தலையைப் பின்னே இழுக்கிறோம். தலை பின்னுக்குப் போனால் நாடிக்குக் கீழுள்ள தோலுக்குப் போக இடமில்லை, மடிந்துதான் நிற்கும். கொண்டையும் பூவும் கனக்கிற பெண்களுக்கும் கழுத்துவரை மாலை ஏறிய மாப்பிள்ளைக்கும் தலை இன்னும் கொஞ்சம் பின்னே போகும்.

பரிகாரம், தலையைக் கமராவை நோக்கி ஓர் அங்குலமளவு முன்னே கொண்டுவந்து, அதன்பின் நாடியைச் சற்றுத் தாழ்த்துவது. வரிசை முக்கியம். முன்னே கொண்டுவராமல் தாழ்த்தினால் மடிப்பு கூடும். முன்னே கொண்டுவந்து தாழ்த்தாமல் விட்டால் மூக்குத் துவாரம் தெரியும். "நாடியை முன்னுக்குத் தள்ளுங்கோ" என்று சொன்னால் பலர் நாடியை மேலே தூக்கிவிடுகிறார்கள். "நெத்தியைக் கமராப் பக்கம் கொண்டுவாங்கோ மாமி" என்று சொன்னால் சரியாகச் செய்வார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு ஆமை தலை நீட்டுவதுபோல இருக்கும்; சிரிப்பும் வரும். முன்னாலிருந்து பார்க்கும் கமராவுக்கு அந்த நீட்டல் தெரியாது, அதன் பயன் மட்டும் தெரியும். தாடையெலும்பின் கீழ் ஒரு மெல்லிய நிழற்கோடு விழுந்து முகத்தைக் கழுத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறதா என்று திரையிற் பார்த்தால், சரியாக வந்ததா இல்லையா என்பது விளங்கிவிடும். வரிசையின் ஓரத்தில் நிற்பவர்கள் நேரே முன்னால் அல்ல, கமரா இருக்கும் பக்கம் திரும்பி நீட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆமைக் கழுத்து பக்கவாட்டில் அப்படியே படத்தில் விழும்.

கமராவின் உயரமும் இதிற் சேர்த்தி. நெஞ்சுயரத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்து எடுத்தால் கமரா நாடியின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறது. மண்டபத்தில் கிடக்கிற உறுதியான கதிரையொன்றில் ஏறி நின்று, கண்மட்டத்துக்குச் சற்று மேலிருந்து எடுத்தால் எல்லோரும் பார்வையை உயர்த்துவார்கள், கழுத்து தானாக நீளும், பின்வரிசையும் மறையாது. முன்வரிசையில் கதிரையில் அமரும் பெரியவர்கள் சாய்ந்திருந்தால் முகம் பின்னே போய்விடும். கதிரையின் முன்பாதியில் அமரச் சொன்னால் முதுகு தானே நிமிரும்.

ஓரத்தில் நிற்பவர்களுக்கு வேறொரு அநியாயமும் நடக்கிறது. கைத்தொலைபேசியின் வழமையான வில்லை அகன்ற காட்சியைப் பிடிப்பது. கிட்டே நின்று அகலமாக எடுத்தால், படத்தின் ஓரங்களில் உள்ள முகங்களைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டும். நடுவில் நிற்கும் மணமக்கள் உள்ளபடி இருப்பார்கள். கோடியில் நிற்கும் சித்தி இரண்டு பங்கு அகலமாக வருவார். எடுப்பவர் எட்டுப் பத்து அடி பின்வாங்கி, திரையில் இரண்டு மடங்கு நெருக்கத்தைத் தெரிவுசெய்து, இரு ஓரத்திலும் ஓர் ஆள் நிற்கக்கூடிய வெற்றிடம் விட்டு எடுத்தால் இது நேராது. ஒரே வரிசையாக நீட்டாமல் இரண்டு மூன்று வரிசையாகக் கூட்டி நிறுத்துவதும் இதற்காகவே.

மூன்றாவது, சிரிப்பு. 1862ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், முகத் தசைகளை மெல்லிய மின்னோட்டத்தால் இயக்கிப் படமெடுத்து ஒரு நூல் வெளியிட்டார். வாயின் கோடியை உயர்த்தும் தசையை நாம் வேண்டியபோது இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் இயங்கும் என்று அவர் கண்டார். கண்ணும் சேர்ந்து சிரிப்பதை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். "சிரியுங்கோ" என்ற கட்டளைக்கு நாம் காட்டுவது வாய்ச்சிரிப்பு. அதையும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் தாங்க முடியாது. கமராக்காரர் முதலில் "சிரியுங்கோ" என்று சொல்லிவிட்டு, அதன்பின் ஆட்களை ஒதுக்கி, ஒளியைச் சரிபார்த்து, யாரோ ஒருவரின் சேலைத் தலைப்பை இழுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தால், சிரிப்பு வெறும் பல்லாக மிஞ்சும். முதலில் எல்லா ஆயத்தமும், கடைசியிலேதான் சிரிப்பு. "ஈ" என்று நீட்டச் சொல்வதும் வாயைப் பக்கவாட்டில் இழுக்குமே தவிரக் கன்னத்தை உயர்த்தாது.

எங்கள் ஆச்சிமார் சிரிக்க மறுப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. பல் விழுந்திருக்கும், அல்லது படத்திற்குப் பல்லைக் காட்டுவது மரியாதையில்லை என்று வளர்ந்திருப்பார்கள். அவர்களிடம் சிரிப்புக் கேட்கக் கூடாது, பேச்சுக் கேட்க வேண்டும்.

2023 ஆவணியில் கோண்டாவில் மண்டபமொன்றில் நடந்த உறவுக் கலியாணத்தில் இதை நேரிலே கண்டேன். குடும்பம் பதினெட்டுப் பேர். முதற் படம் பன்னிரண்டேகால் மணிக்கு முற்றத்து மணலில் எடுக்கப்பட்டது. திரையைப் பெருப்பித்துப் பார்த்தபோது பதினொரு பேருக்குக் கண் இல்லை, கோடுதான் இருந்தது. படமெடுத்த இளைஞர் பேசாமல் எல்லோரையும் மண்டபத்தின் வடக்கு விறாந்தைக்குக் கொண்டுபோனார். எதிரே பாசி பிடித்த மதில். ஐந்து பேரைக் கதிரையின் முன்பாதியில் இருத்தி, மற்றவர்களைப் பின்னால் இரண்டு வரிசையாக நிறுத்தினார். உயர்ந்தவர்களை ஓரத்தில் விடாமல் நடுவுக்கு எடுத்தார். கதிரையொன்றில் ஏறினார். "அண்ணை, அக்கா, எல்லாரும் நெத்தியை ஒருக்கா என்ரை பக்கம் கொண்டுவாங்கோ. ஆமை மாதிரி. ஓம், அவ்வளவுதான். இப்ப நாடியைக் கொஞ்சம் இறக்குங்கோ" என்றார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு நடுவில் இருந்த மணமகளின் அம்மம்மாவிடம், "ஆச்சி, மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமாமோ?" என்று கேட்டார். "தெரியாட்டிப் பழகட்டும்" என்றார் ஆச்சி. அந்தக் கணத்தில் அவர் தொடர்ந்து ஆறு தடவை அழுத்தினார்.

ஆறு என்ற எண்ணிக்கையை அவர் அறிந்து செய்தாரோ தெரியாது, ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. அவுஸ்திரேலியாவின் அரச ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் ஆகிய இருவர், குழுப்படத்தில் ஒருவரும் கண் இமைக்காதிருக்க எத்தனை படம் எடுக்கவேண்டும் என்று கணித்தார்கள். சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2006இல் கணிதத்துக்காக அவர்களுக்குக் கிடைத்தது. படத்துக்கு நிற்பவர் நிமிடத்துக்குச் சுமார் பத்துத் தடவை இமைக்கிறார், ஒவ்வொரு இமைப்பும் கால் நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்தில் ஒருவரின் கண் மூடியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு அளவுதான். சிறிதாகத் தோன்றும். ஆனால் பதினெட்டுப் பேரின் கண்களும் ஒரே கணத்தில் திறந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பத்தாறு அளவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு படம் எடுத்தால் அது கெட்டுப்போவதற்கே வாய்ப்பு அதிகம். இருபது பேருக்கு உட்பட்ட கூட்டமானால், நல்ல வெளிச்சத்தில் ஆட்தொகையை மூன்றாலும், மங்கிய வெளிச்சத்தில் இரண்டாலும் வகுத்து, வரும் எண்ணிக்கையளவு படம் எடுங்கள் என்பது அவர்கள் தந்த எளிய விதி. பதினெட்டை மூன்றால் வகுத்தால் ஆறு. ஆறு எடுத்தால் அவற்றில் ஒன்றாவது பழுதின்றி வருவதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வாய்ப்பு இருக்கிறது. ஐம்பது பேரை நிறுத்தினால் இந்த விதி கைகொடுக்காது. அத்தகைய கூட்டத்தை இரண்டு மூன்று பிரிவாகப் பிரித்து எடுப்பதே புத்தி. மாப்பிள்ளை பகுதி, பொம்பிளை பகுதி என்று ஏற்கனவே பிரிந்து நிற்கும் வழக்கம் எங்களிடம் உண்டு.

கோண்டாவிற் படங்கள் ஆறையும் பிறகு பார்த்தேன். முதல் மூன்றில் யாரோ ஒருவர் இமைத்திருந்தார். நான்காவதில் எல்லாக் கண்களும் திறந்திருந்தன, சிரிப்பு மட்டும் சிலரிடம் தளர்ந்திருந்தது. ஐந்தாவது நன்று. வீட்டார் தெரிவுசெய்ததோ இவை எதுவுமல்ல. ஆறும் முடிந்து, "சரி, முடிஞ்சுது, சாப்பிடப் போங்கோ" என்று சொல்லிவிட்டு, கதிரையிலிருந்து இறங்காமலே அவர் எடுத்த ஏழாவது படம். வேலை முடிந்ததென்று எல்லோரும் மூச்சை விட்ட கணம் அது. ஒருவர் மட்டும் பக்கம் திரும்பியிருந்தார். ஆச்சி தன் மகளின் கையைப் பிடித்தபடி, பல்லில்லாத வாயைத் திறந்து, கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கலியாணத்தில் படமெடுக்க நிற்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் சொல்வது இதுதான். "முடிஞ்சுது" என்று சொன்னவுடன் கமராவை இறக்கிவிடாதீர்கள். எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் புள்ளிகள் குறைந்து முகங்கள் மங்கிவிடும். கோப்பாக இணைத்து முழு அளவில் அனுப்புங்கள். கடைசி வரிசை மூலையில் நிற்கும் முகத்தை என்றோ ஒருநாள் தனியாக வெட்டியெடுக்க வேண்டி வரலாம்.